ஆப்பில் 5,000, பில் போடும்போது 3,600: ஒரே பாயின்டுக்கு ரேட் ஏன் மாறுகிறது?

வெண்ணிலா

வணக்கம். என் கிரெடிட் கார்டில் ரிவார்டு பாயின்ட் 20,000 சேர்ந்திருக்கிறது. பேங்க் ஆப்பைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே "உங்கள் பாயின்ட்களின் மதிப்பு 5,000 வரை" என்று பெரிதாகக் காட்டுகிறது. சரி, பயன்படுத்திவிடலாம் என்று ஓர் ஆன்லைன் கடையில் கூடையை நிரப்பினேன். பயணப்பெட்டி 4,800, ஹெட்போன் 2,400, அக்கா மகளுக்குக் கொடுக்க ஒரு கிஃப்ட் கார்டு 1,800. ஆக மொத்தம் 9,000.

பணம் கட்டும் பக்கத்தில் எத்தனை பாயின்ட் வேண்டும் என்று இழுத்துத் தேர்வுசெய்யும் ஒரு கோடு வருகிறது. அதைக் கடைசி வரை இழுத்தாலும் 18,000 பாயின்டுக்கு மேல் போகவில்லை. அதற்குக் கழிவது 3,600.

எனக்கு இரண்டு சந்தேகம். கையில் 20,000 இருக்கும்போது ஏன் 18,000 மட்டும் எடுத்துக்கொள்கிறது? 20,000க்கு 5,000 என்றால் 18,000க்கு 4,500 வர வேண்டும், 3,600 எங்கிருந்து வந்தது? என்னோடு வேலை பார்ப்பவர் இதே பேங்க், இதே வகைக் கார்டு. பேங்கின் பயணத் தளத்தில் ஹோட்டல் அறை போட்டார், 8,000 பாயின்டுக்குச் சுளையாக 2,000 கழிந்தது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணிமாறன்

உங்கள் கார்டில் 100க்கு எத்தனை பாயின்ட் தருகிறார்கள் என்று பாருங்கள். என் கார்டில் 100க்கு 2 பாயின்ட், ஆன்லைனில் வாங்கினால் 5. பெட்ரோலுக்கும் வாடகைக்கும் ஒன்றும் கிடையாது. நீங்கள் எங்கே செலவு செய்தீர்களோ அதைப் பொறுத்துத்தான் ரேட் மாறும்.

வெண்ணிலா

மணிமாறன் சார், நீங்கள் சொல்வது பாயின்ட் சேரும் கணக்கு. சேர்ந்ததில் எனக்குக் குழப்பம் இல்லை. சேர்ந்த பாயின்டைச் செலவழிக்கும்போது அதற்கு எவ்வளவு பணம் போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

கார்த்திகைப்பூ

எல்லாம் கார்டு வகையைப் பொறுத்ததுதான். ஆண்டுக் கட்டணம் அதிகமுள்ள கார்டுக்கு ஒரு பாயின்டுக்கு அதிகம் தருவார்கள், சாதாரண கார்டுக்குக் குறைவு. அப்புறம் ரேட் தினமும் ஏறி இறங்கும். அவர் போட்ட அன்று 0.25 இருந்திருக்கும், இன்று 0.20க்கு இறங்கியிருக்கும். கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கள், ஏறும்போது எடுக்கலாம்.

தறிநூல்

நான் ஆன்லைன் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் இடத்தில் இருக்கிறேன். லாயல்டி பாயின்ட் பகுதி என் கையில்தான் வரும். வெண்ணிலா கொடுத்த எண்களே பாதி பதிலைச் சொல்கின்றன.

முதலில் ரேட். 3,600ஐ 18,000ஆல் வகுத்தால் 0.20. ஹோட்டலில் 2,000ஐ 8,000ஆல் வகுத்தால் 0.25. ஆக இரண்டு இடத்துக்கும் இரண்டு ரேட். ஆப்பின் முதல் பக்கத்தில் வரும் 5,000 என்பது இருப்பதிலேயே உயர்ந்த ரேட்டால் பெருக்கிக் காட்டியது. பக்கத்தில் "வரை" என்று போட்டிருக்கிறார்களே, அதற்கு அதுதான் பொருள். இந்தக் கடையில் உங்கள் 20,000 பாயின்ட் முழுவதையும் எடுத்தால்கூட 4,000தான்.

அடுத்தது வரம்பு. பல கடைகளில் பில்லில் இத்தனை சதவீதம்தான் பாயின்டில் கட்டலாம் என்று ஒரு உச்சம் வைத்திருப்பார்கள். உங்கள் கூடை 9,000, கழிந்தது 3,600, அதாவது 40 சதவீதம். ஆனால் 40 என்று வரம்பு வைப்பது அரிது, 50 தான் அடிக்கடி பார்ப்பது. கிஃப்ட் கார்டைத் தள்ளிவிட்டுப் பாருங்கள்: 4,800ம் 2,400ம் சேர்ந்தால் 7,200. அதில் பாதி 3,600. கிஃப்ட் கார்டுக்குப் பெரும்பாலும் பாயின்ட் செல்லாது, ஏனென்றால் அதுவே பணத்துக்குச் சமம். அதை அனுமதித்தால் குறைந்த ரேட், உச்ச வரம்பு எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போய்விடலாம். எனவே கணக்கில் எடுத்தது 7,200, உச்சம் பாதி, ரேட் 0.20. 3,600ஐ 0.20ஆல் வகுத்தால் 18,000 பாயின்ட். கோடு அங்கே நின்றதற்குக் காரணம் இது என்று நினைக்கிறேன். கூடையிலிருந்து கிஃப்ட் கார்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். 18,000 அப்படியே நின்றால் என் ஊகம் சரி.

கார்த்திகைப்பூ சொன்னதில் முதல் பாதி சரி. ரேட் அட்டவணையில் கார்டு வகை என்று ஒரு பத்தி உண்டு, சில பேங்குகள் உயர்ந்த கார்டுக்குத் தனி ரேட் வைக்கின்றன. ஆனால் இங்கே இருவருக்கும் ஒரே வகைக் கார்டு. தினமும் ஏறி இறங்குவது விமான டிக்கெட், ஹோட்டல் அறை மாதிரி இடங்களில் நடக்கும். அங்கேயும் பல திட்டங்களில் மாறுவது அறையின் விலை, அதைத் தொட்டு எத்தனை பாயின்ட் வேண்டும் என்பது மாறுகிறது. கடையின் பில் பக்கத்தில் ஓடுவது ஓர் அட்டவணை. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இந்த ரேட் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்தது. அது தானாக ஏறாது. சலுகை அறிவித்தால் ஏறும், ஒப்பந்தம் மாறினால் இறங்கும்.

வெண்ணிலா

கிஃப்ட் கார்டை எடுத்துவிட்டுப் பார்த்தேன். மொத்தம் 7,200 ஆனது, பாயின்ட் அதே 18,000, கழிவு அதே 3,600. கோட்டுக்கு அடியில் "தகுதியுள்ள தொகையில் 50% வரை" என்று மிகச் சிறிய எழுத்தில் இருக்கிறது, இப்போதுதான் கண்ணில் பட்டது. நன்றி.

ஆனால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. என் பாயின்டை பேங்க்தான் கொடுத்தது. ஹோட்டலுக்கு 0.25 தர முடிகிறவர்கள் பயணப்பெட்டிக்கு ஏன் 0.20 தருகிறார்கள்? இரண்டு இடத்திலும் பணம் கொடுப்பது அதே பேங்க்தானே?

தறிநூல்

அந்தக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் முழுப் பணத்தையும் பேங்க் கொடுப்பதில்லை.

நீங்கள் பாயின்டில் 1,000 கழித்தால் அந்த 1,000 யாரோ ஒருவர் பையிலிருந்து போக வேண்டும். பேங்க் மட்டும் போடலாம், கடை மட்டும் போடலாம், இருவரும் பங்கு போடலாம். ரேட்டைத் தீர்மானிப்பது அந்தப் பங்கீடு. நடப்பதைக் காட்ட எண்களை நானாகவே போடுகிறேன், உங்கள் பேங்கின் உள்கணக்கு எனக்குத் தெரியாது.

ஹோட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பயணத் தளம் வழியாக 1,000க்கு அறை போனால் ஹோட்டல் கமிஷன் கொடுக்கும். 150 கமிஷன் என்று வைத்துக்கொள்வோம், அதில் பெரும்பகுதி பேங்குக்கு வரும். நீங்கள் 4,000 பாயின்ட் கொடுத்தீர்கள், உங்களுக்குக் கிடைத்தது 1,000, ஆகவே 0.25. பேங்குக்கு உண்மையில் செலவானது ஏறக்குறைய 850. பாயின்டுக்கு 0.21 சொச்சம்தான். மீதியை ஹோட்டல் சுமந்தது.

வவுச்சரும் அப்படித்தான். 1,000 முகமதிப்புள்ள வவுச்சரை பேங்க் மொத்தமாக வாங்கும்போது 900க்கோ 920க்கோ கிடைக்கும். உங்களிடம் 0.25 என்று பெருமையாகக் கொடுத்தாலும் பேங்கின் செலவு 0.23க்குள் அடங்கிவிடும்.

இப்போது உங்கள் பயணப்பெட்டி. பாயின்டில் கழிந்த 3,600ஐ பேங்க் அந்தக் கடைக்குக் கிட்டத்தட்ட முழுதாகக் கட்ட வேண்டும். கடை தன் பொருளை முழு விலைக்குத்தான் விற்கிறது, அதற்கு விட்டுக்கொடுக்க அவசியமில்லை. எனவே பேங்க் தன் செலவுக்கு ஏற்ற மாதிரி ரேட்டை 0.20க்கு இறக்கிவிடுகிறது. கார்டு ஸ்டேட்மென்டிலேயே நேரடியாகப் பணமாகக் கழித்துக்கொள்ளும் வசதி உங்கள் ஆப்பில் இருந்தால் பாருங்கள், பல திட்டங்களில் அது இதைவிடவும் குறைவாக இருக்கும். அங்கே பங்கு போட இன்னொருவர் கிடையாது. போதாததற்கு எல்லாருக்கும் பிடித்தது ரொக்கம்தான், ரேட்டை உயர்த்தினால் எல்லாரும் ஒரே நேரத்தில் எடுத்துவிடுவார்கள்.

பண்டிகை விற்பனை சமயத்தில் இதே கடையில் ரேட் திடீரென்று 0.25 ஆவதைப் பார்த்திருப்பீர்கள். பேங்க் இளகிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த வாரத்துக்கு மேற்கொண்டு வரும் 0.05ஐ நான் போடுகிறேன் என்று கடை ஒப்புக்கொண்டிருக்கும்.

மாலதி_கணக்கு

தறிநூல் சொன்னதோடு கணக்குப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். நான் தணிக்கை வேலையில் இருப்பவள். பேங்க் கார்டை விட்டுவிட்டு, ஒரு கடை தானே கொடுக்கும் பாயின்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே விதி தெளிவாக இருக்கிறது.

கடை பாயின்ட் கொடுக்கும் நாளிலேயே அது கடைக்குக் கடன். சர்வதேசக் கணக்குத் தரம் ஐஎஃப்ஆர்எஸ் 15, 2018 ஜனவரி முதல் நடைமுறையில் இருப்பது, இதற்கு ஓர் உதாரணமே கொடுத்திருக்கிறது. எந்த நாட்டுப் பணம் என்று சொல்லாமல் வெறும் எண்ணாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். 10க்கு வாங்கினால் 1 பாயின்ட், 1 பாயின்டுக்குப் பிற்பாடு 1 கழிவு. வாடிக்கையாளர்கள் 1,00,000க்கு வாங்குகிறார்கள், 10,000 பாயின்ட் சேர்கிறது. எல்லாரும் எடுக்க மாட்டார்கள், 9,500தான் திரும்பி வரும் என்று கடை கணிக்கிறது. எனவே ஒரு பாயின்டின் தனி மதிப்பு 0.95, மொத்தம் 9,500. இப்போது வாங்கிய 1,00,000ஐ, பொருளுக்கு 1,00,000, பாயின்டுக்கு 9,500 என்ற விகிதத்தில் பிரித்தால் பொருளுக்கு 91,324, பாயின்டுக்கு 8,676. அந்த 8,676ஐ அன்றைய வருமானமாகக் காட்டக்கூடாது. பாயின்ட் பயன்படுத்தப்பட்ட பிறகோ காலாவதியான பிறகோதான் அது வருமானம் ஆகும்.

பில்லில் 1 என்று கழிகிற பாயின்ட், கடையின் புத்தகத்தில் 0.87 அளவுக்குத்தான் நிற்கிறது. வாடிக்கையாளர் பார்க்கும் ரேட்டும் கடை உள்ளே வைத்திருக்கும் மதிப்பும் தொடக்கத்திலிருந்தே ஒன்றல்ல. எத்தனை பேர் எடுக்காமல் விடுவார்கள் என்ற கணிப்பும் அதற்குள் இருக்கிறது.

கார்த்திகைப்பூ

அப்படியென்றால் நான் சொன்னதுதான். மக்கள் எடுக்காமல் விட்டால் அவர்களுக்கு லாபம். அதனால்தான் ரேட்டைக் குறைத்து, வரம்பு வைத்து, எடுக்க விடாமல் செய்கிறார்கள்.

மாலதி_கணக்கு

எடுக்காமல் போவது கணக்கில் அவர்களுக்குச் சாதகம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் முழுக்க அப்படி இல்லை. பாயின்டைப் பயன்படுத்தியவர் திரும்ப வருகிறார், பயன்படுத்தாதவர் அந்தத் திட்டத்தையே மறந்துவிடுகிறார். நான் தணிக்கை செய்த கடைகளில் நிர்வாகம் எடுக்காதவர்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டது. ஆகவே ரேட்டை நசுக்கி மிச்சம் பிடிப்பது எப்போதும் அவர்களுக்கு நல்லதல்ல.

கார்த்திகைப்பூ

கடைக்கு அது சரி. பேங்க் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்களுக்கு நாம் திரும்ப வர வேண்டிய அவசியம் என்ன, கார்டு கையில்தானே இருக்கிறது.

பழனியப்பன்

என் கதையைச் சொல்கிறேன், யாராவது விளக்க முடியுமா பாருங்கள். நான் வழக்கமாக வாங்கும் ஒரு கடையில் பாயின்ட் படிப்படியாகத்தான் எடுக்கலாம். 1,000 பாயின்டுக்கு 150, 2,500க்கு 450, 5,000க்கு 1,000. இடையில் எண் கிடையாது. என்னிடம் 4,700 இருந்தது, 2,500தான் எடுக்க முடிந்தது. இது ஒன்று.

இன்னொன்று, அன்றைக்கு பாயின்ட் தேர்வுசெய்து மீதியைக் கார்டில் கட்டப் போனபோது ஓடிபி வரவில்லை, பணம் போகவில்லை. திரும்பப் போய்ப் பார்த்தால் என் பாயின்ட் 2,200 என்று காட்டுகிறது. பொருளும் வரவில்லை, பாயின்டும் போச்சு. உதவி மையத்தில் "நாளை பாருங்கள்" என்றார்கள். மறுநாள் பார்த்தால் தானாகவே 4,700 வந்திருந்தது. என்ன நடந்தது?

தறிநூல்

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பலர் பயந்து இரண்டாவது தடவை ஆர்டர் போட்டுச் சிக்கிக்கொள்கிறார்கள்.

நீங்கள் "பாயின்ட் பயன்படுத்து" என்று தட்டியதும் கடையின் பில்லிங், பாயின்ட் சர்வரிடம் உறுப்பினர் எண்ணையும் தகுதியுள்ள தொகையையும் அனுப்பும். சர்வர் இருப்பு, ரேட், அதிகபட்சம் மூன்றையும் திருப்பித் தரும். நீங்கள் உறுதி செய்ததும் அத்தனை பாயின்ட் உங்கள் கணக்கில் நிறுத்தி வைக்கப்படும். இன்னும் செலவாகவில்லை, வேறு யாரும் தொட முடியாதபடி ஒதுக்கியது மட்டும்தான். மீதிப் பணம் கார்டில் வெற்றிகரமாகப் போன பிறகுதான் அந்த ஒதுக்கீடு செலவாக மாறும். பணம் தோற்றால் கடை உடனே "விடுவி" என்று சொல்ல வேண்டும். உங்கள் விஷயத்தில் ஓடிபி பக்கத்திலேயே இணைப்பு அறுந்ததால் கடைக்குத் தோற்றதா இல்லையா என்றே தெரிந்திருக்காது, விடுவிக்கச் சொல்ல ஆளில்லை. அப்படிப்பட்ட நேரத்துக்காக ஒதுக்கீட்டுக்கு ஒரு கெடு உண்டு. கெடு முடிந்ததும் தானாக விடுபடும். அதுதான் மறுநாள் வந்தது.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், பாயின்ட் வரலாறு என்ற பக்கத்தைத் திறங்கள். உண்மையிலேயே செலவாகியிருந்தால் ஆர்டர் எண்ணோடு ஒரு வரி இருக்கும். இருப்பு மட்டும் குறைந்து வரி எதுவும் இல்லையென்றால், அல்லது "நிலுவை" என்று இருந்தால், அது வெறும் ஒதுக்கீடு. பொறுத்திருக்கலாம்.

படிப்படியான ரேட்டைப் பொறுத்தவரை, வகுத்துப் பாருங்கள்: 0.15, 0.18, 0.20. சேர்த்துவைப்பவருக்கு ரேட் கூடுகிறது. 4,700 வைத்திருப்பவர் இன்னும் 300 பாயின்டுக்காக ஒருதடவை வந்து வாங்குவார் என்பதுதான் எதிர்பார்ப்பு. நடுவில் 1,000, 1,000 என்று எடுத்துக்கொண்டே இருந்தால் 5,000 பாயின்டுக்கு 750தான் கிடைத்திருக்கும். அதே சமயம் பாயின்ட் காலாவதி ஆகும் தேதி பக்கத்தில் இருந்தால், 5,000க்காகக் காத்திருந்து அத்தனையையும் இழப்பதைவிட 2,500ஐ 450க்கு எடுப்பது மேல்.

பழனியப்பன்

ரொம்ப நன்றி. உதவி மையத்தில் இதில் ஒரு வரி சொல்லியிருந்தால்கூட அன்று தூங்கியிருப்பேன்.

வெண்ணிலா

இன்னொரு சந்தேகம் வந்துவிட்டது. கடையில் 10% கூப்பன் ஒன்று கிடைத்தது. அதைப் போட்டதும் பாயின்ட் கழிவு 3,600லிருந்து 3,200 ஆகக் குறைந்துவிட்டது! கூப்பன் போட்டதற்குத் தண்டனையா? கூப்பனை எடுத்துவிடுவதா?

தறிநூல்

எடுக்காதீர்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கூப்பன் 7,200க்கு மட்டும் பொருந்தியிருக்கும், கிஃப்ட் கார்டுக்குப் பொருந்தாது. 720 போய் 6,480. 50% வரம்பு இப்போது இந்தத் தொகைக்கு, ஆகவே 3,240. அதை 0.20ஆல் வகுத்தால் 16,200 பாயின்ட். ஆனால் கழிந்தது 3,200 என்கிறீர்கள், அது 16,000 பாயின்ட். உங்கள் கடை 500 பாயின்ட் கட்டுகளாகத்தான் எடுக்கிறது போலிருக்கிறது, மிச்சம் 200 பாயின்டைக் கீழே தள்ளிவிட்டது. இந்த மாதிரி முழுமையாக்கல் எப்போதும் கீழ்நோக்கித்தான் இருக்கும். முதலில் வந்த 18,000 தற்செயலாக 500ஆல் மீதியின்றி வகுபட்டதால் இது உங்கள் கண்ணில் படவில்லை.

கூப்பன் இல்லாமல் நீங்கள் கையிலிருந்து கட்டுவது 9,000 கழித்தல் 3,600, அதாவது 5,400. செலவாகும் பாயின்ட் 18,000. கூப்பனோடு கட்டுவது 8,280 கழித்தல் 3,200, அதாவது 5,080. செலவாகும் பாயின்ட் 16,000. பணமும் 320 மிச்சம், பாயின்டும் 2,000 மிச்சம். கழிவு குறைந்ததாகத் தெரிவது பில் சின்னதானதால்தான்.

ரேட் இரண்டிலும் அதே 0.20. பில் பக்கத்தில் கழிவுத் தொகையை மட்டும் பார்த்தால் இப்படித்தான் குழப்பும். கழிவைப் பாயின்டால் வகுத்துப் பாருங்கள், கடைசியில் கையிலிருந்து போவது எவ்வளவு என்பதையும் பாருங்கள்.

மாலதி_கணக்கு

கூப்பன் முதலில், பாயின்ட் பிறகு என்ற வரிசை எல்லாக் கடையிலும் ஒன்றல்ல. சில இடங்களில் பாயின்டைப் பணம் கட்டும் வழியாக எடுத்துக்கொள்வார்கள், சில இடங்களில் விலைக் குறைப்பாக எடுத்துக்கொள்வார்கள். பில்லைப் பார்த்தாலே தெரியும். வரிக்கு மேலே, பொருளின் விலையோடு சேர்ந்து "பாயின்ட் தள்ளுபடி" என்று கழித்திருந்தால் விலைக் குறைப்பு. மொத்தம், வரி எல்லாம் போட்டு முடித்த பிறகு "செலுத்தியது: பாயின்ட் இவ்வளவு, கார்டு இவ்வளவு" என்று இருந்தால் அது கட்டணம்.

கடையின் சொந்தப் பாயின்ட் பெரும்பாலும் முதல் வகை, பேங்க் பணம் போடும் பாயின்ட் பெரும்பாலும் இரண்டாவது வகை. முதல் வகையில் வரி குறைந்த விலைக்கு விழும், இரண்டாவதில் முழு விலைக்கும் விழும். ஒவ்வொரு நாட்டிலும் வரி விதி மாறும் என்பதால் பில்லைத்தான் நம்ப வேண்டும். ஆனால் 0.20 என்று வெளியே தெரிகிற இரண்டு கடைகளில் கடைசித் தொகை ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்பவர்களுக்குப் பல நேரம் பதில் இதுதான்.

கார்த்திகைப்பூ

இத்தனை கணக்கு எதற்கு? 0.20க்கு எடுக்காமல் 20,000ஐயும் ஹோட்டலில் போட்டால் 5,000. 1,000 லாபம். அவ்வளவுதானே?

தறிநூல்

ஹோட்டலுக்கு எப்படியும் போகப் போகிறார் என்றால் சரி. இல்லையென்றால் 0.25க்காகத் தேவையில்லாத செலவை இழுத்துக்கொள்வதாகிவிடும்.

இன்னொரு நுணுக்கம், பயணத் தளத்தில் அறை 2,000 என்று இருக்கும், அதே அறை ஹோட்டலின் சொந்தத் தளத்தில் 1,800க்குக் கிடைக்கலாம். அப்படியானால் 8,000 பாயின்ட் உங்களுக்கு உண்மையில் மிச்சப்படுத்தியது 1,800தான், ரேட் 0.225. பாயின்ட் ரேட் உயர்வாக இருக்கும் இடத்தில் பொருளின் விலையும் கொஞ்சம் உயர்வாக இருக்கிறதா என்று பார்க்காமல் ரேட்டை ஒப்பிடக் கூடாது. சில திட்டங்களின் பரிசுப் பட்டியலில் மிக்சி, கடிகாரம் எல்லாம் வருமே, அங்கே இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வெண்ணிலா

நான் இப்போதைக்கு எங்கும் பயணம் போகவில்லை. பெட்டி அம்மாவுக்கு. கூப்பனோடு 16,000 பாயின்ட் போட்டு வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். ஹெட்போன் மட்டும் காதுக்குச் சரியாக உட்காருமோ என்று சந்தேகம். திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும்?

தறிநூல்

ஒழுங்காக எழுதிய பில்லிங் என்றால் பாயின்ட் கழிவைப் பொருள்வாரியாகப் பிரித்து வைத்திருக்கும். கூப்பன் போன பிறகு பெட்டி 4,320, ஹெட்போன் 2,160. ஹெட்போன் மூன்றில் ஒரு பங்கு, எனவே 3,200 கழிவில் ஏறக்குறைய 1,067 அதன் தலையில். திருப்பிக் கொடுத்தால் 1,093 பணமாகவும், அந்த 1,067க்கான பாயின்ட் 5,333 பாயின்டாகவும் வர வேண்டும். முழு 2,160ம் பணமாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாயின்ட் பாயின்டாகத்தான் திரும்பும், இல்லையென்றால் பொருளை வாங்கித் திருப்பிக் கொடுத்தே பாயின்டை ரொக்கமாக்கிவிடலாம்.

திரும்பி வரும் பாயின்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள். பழைய தேதியோடே வருவதும் உண்டு, அது முடிந்திருந்தால் வந்த அன்றே மறைந்துவிடும். விதிமுறையில் ஒரு வரி இருக்கும், வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள்.

மணிமாறன்

என் கார்டில் இது வேறு மாதிரி நடந்தது. பாயின்ட் போட்டு வாங்கினேன், ஆனால் ஸ்டேட்மென்டில் முழு விலையும் வந்தது, கீழே தனியாகப் பாயின்ட் கழிவு என்று வரவு வைத்திருந்தார்கள். பொருளைத் திருப்பியதும் கடை முழு விலையையும் கார்டுக்கு அனுப்பிவிட்டது. பாயின்ட் திரும்பவில்லை, அந்த வரவையும் பேங்க் திரும்பப் பிடிக்கவில்லை. எனக்கு நஷ்டம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

மாலதி_கணக்கு

அது கடைக்குப் பாயின்ட் விஷயமே தெரியாத அமைப்பு. கடை முழுத் தொகையையும் கார்டில் வாங்கியது, பேங்க் தனியாக வரவு வைத்தது. அப்படி நடக்கும் இடத்தில் ஒரு நன்மையும் உண்டு. முழுத் தொகையும் கார்டில் போவதால் முழுத் தொகைக்கும் புதிய பாயின்ட் சேரலாம். வெண்ணிலாவின் கடையில் கையிலிருந்து கட்டும் 5,080க்குத்தான் சேரும்.

ஆனால் திருப்பும்போது பேங்க் வரவைப் பின்னாளில் பிடிக்கலாம் என்று விதிமுறையில் எழுதியிருக்கும் திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த ஸ்டேட்மென்டுகளைக் கவனியுங்கள்.

தறிநூல்

என் அனுபவத்தில் அப்படிப் பிடித்ததில்லை. கடை அனுப்பும் ரீஃபண்டையும் பேங்க் வைத்த வரவையும் ஒன்றோடொன்று இணைக்கும் எண் பல அமைப்புகளில் இருப்பதே இல்லை.

மாலதி_கணக்கு

எண் இல்லாவிட்டாலும் தொகையையும் கடையையும் வைத்துப் பொருத்துகிறார்கள். பேங்கைப் பொறுத்தது, இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

வெண்ணிலா

ஆர்டர் போட்டுவிட்டேன். கிஃப்ட் கார்டைத் தனி ஆர்டராக வாங்கினேன், அதைப் பெட்டியோடு சேர்த்ததால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்துவிட்டதே. பில்லில் பாயின்ட் கழிவு, வரியெல்லாம் போட்டு முடித்த பிறகு, "செலுத்தியது" என்ற இடத்தில் 3,200 என்று வந்திருக்கிறது. மாலதி அக்கா சொன்ன இரண்டாவது வகை. மீதி 4,000 பாயின்ட் கணக்கில் நிற்கிறது. ஆப் இப்போது அதற்கு "1,000 வரை" என்று காட்டுகிறது. அந்த முதல் பக்கத்தில் குறைந்த ரேட்டையும் சேர்த்துக் காட்டச் சொல்லி பேங்குக்கு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.